சுண்ணாம்பு என்று மட்டும் எழுதினால் போதாது

கேள்வி: காரைக்குடி பக்கத்தில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன வாரம் சுண்ணாம்பு தாளிக்கும்போது தெறித்து, ஒரு தொழிலாளிக்குக் கண்ணில் காயம். பாதுகாப்பு ஆலோசகர் ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்பி, தமிழில் எழுதி சைட்டில் ஒட்டச் சொல்கிறார். அறிக்கையையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அளவுகளும் எச்சரிக்கைகளும் மாறாமல் எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் அறிக்கையில் முதலில் சிக்கல் தரப்போவது எண்கள் அல்ல, ‘சுண்ணாம்பு’ என்ற சொல்தான். ஆங்கிலத்தில் குவிக்லைம், ஹைட்ரேட்டட் லைம், லைம் புட்டி என்று மூன்று பெயர்கள் வருகின்றன. மூன்றையும் நாம் சுண்ணாம்பு என்றே சொல்லிவிடுகிறோம். வெற்றிலையில் தடவுவதும் சுண்ணாம்புதான். தினமும் வாயில் போடும் பொருளைப் பற்றி ‘ஆபத்து’ என்று எழுதி ஒட்டினால் பெரியாட்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

உங்கள் சைட்டில் தெறித்தது குவிக்லைம், அதாவது சூளையிலிருந்து வந்து இன்னும் தண்ணீர் படாத கல். தண்ணீர் பட்டதும் ஒரு கிலோவுக்கு ஆயிரம் கிலோஜூலுக்கு மேல் வெப்பத்தை வெளிவிடும். தண்ணீர் போதாவிட்டால் அந்தச் சூட்டிலேயே அது கொதித்து, ஆவியாகி, கல்லையும் குழம்பையும் சேர்த்து மேலே எறியும். ஆகவே குவிக்லைமைத் ‘தாளிக்காத சுண்ணாம்புக் கல்’ என்றும், மற்ற இரண்டைத் ‘தாளித்த சுண்ணாம்புத் தூள்’, ‘தாளித்த சுண்ணாம்புக் குழம்பு’ என்றும் கடைசி வரி வரை மாறாமல் எழுதுங்கள். உங்கள் மேஸ்திரி ‘நீற்றிய’ என்று சொல்பவரானால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அழகுக்காக இடையில் சொல்லை மாற்றக் கூடாது. கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் குறை என்பார்கள், எச்சரிக்கைத் தாளில் அதுதான் முறை.

அடுத்தது திசை. அறிக்கையின் முக்கியமான வரி, சுண்ணாம்பைத்தான் தண்ணீரில் இட வேண்டும், தண்ணீரைச் சுண்ணாம்பின்மேல் ஊற்றக் கூடாது என்பது. இதைத் தமிழில் ‘சுண்ணாம்புடன் தண்ணீர் சேர்க்கும்போது கவனம்’ என்று எழுதினால் எது எதற்குள் போகிறது என்பதே மறைந்துவிடும். சில வருடங்களுக்கு முன் தேவகோட்டைப் பக்கம் ஒரு சைட்டுக்கு நானே இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். மேஸ்திரி வாசித்துப் பார்த்து, “சேக்கிறதுன்னா எதை எதுல சேக்கிறது?” என்று கேட்டார். அன்றிலிருந்து ‘சேர்’ என்ற சொல்லை இந்த மாதிரித் தாள்களில் எழுதுவதில்லை. ‘போடு’, ‘ஊற்று’ என்று கை செய்யும் வேலையை எழுதுகிறேன்:

“முதலில் ட்ரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு தாளிக்காத கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தண்ணீரில் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.”

‘கூடாது’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. ‘ஊற்ற வேண்டாம்’ என்று எழுதினால், ‘அவசியமில்லை, ஊற்றினாலும் பரவாயில்லை’ என்றும் காதில் விழும். உங்கள் அறிக்கையில் தடையாக வரும் ஒவ்வொரு வரியும் ‘கூடாது’ என்றே முடியட்டும். தேவையில்லை என்ற பொருளில் வருவதற்கு ‘தேவையில்லை’ என்றே எழுதுங்கள்.

இதைவிட மோசமான குழப்பம் ஆங்கில ‘மே’யில் இருக்கிறது. வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வாய்ப்புண்டு என்று அறிக்கை சொல்கிறது. ‘100 டிகிரியைத் தாண்டலாம்’ என்று எழுதினால் அனுமதி கொடுத்த மாதிரி ஆகிறது. ‘தாண்டக்கூடும்’ என்று எழுதினாலோ, மிக்ஸர் ஓடும் சத்தத்தில் ஒருவர் உரக்க வாசிக்கும்போது ‘கூடும்’ எது, ‘கூடாது’ எது? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “ட்ரம்முக்குள் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஆபத்து உண்டு.”

இப்போது அளவுகள். ஆட்கள் 3 மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும் என்கிறது அறிக்கை. நம் கொத்தனார்களுக்கு மீட்டரைவிட அடிதான் சட்டென்று கண்ணுக்குத் தெரியும். 3 மீட்டர் என்பது 9.84 அடி. மீட்டர் கணக்கை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்தில் அடியையும் எழுதலாம், ஆனால் முழு எண்ணாக்கும்போது ஆபத்து குறையும் பக்கமாகவே தள்ள வேண்டும். ‘குறைந்தது இவ்வளவு தூரம்’ என்றால் எண்ணைக் கூட்டி 10 அடி. ‘இதற்கு மேல் போகக் கூடாது’ என்ற வரம்பானால் குறைக்க வேண்டும். சாரத்துக்கு 2 மீட்டர் உச்ச வரம்பு என்று அதே அறிக்கையில் வருகிறதே, அது 6.56 அடி. அதை 7 அடி என்று எழுதிவிட்டால் வரம்பை நீங்களே தளர்த்தியதாகும். 6½ அடி என்று எழுதுங்கள்.

விகிதத்திலும் கவனம் வேண்டும். கன அளவில் ஒரு பங்கு கல்லுக்கு மூன்று பங்கு தண்ணீர் என்கிறது அறிக்கை. ‘1:3’ என்று மட்டும் எழுதினால் எது 1, எது 3 என்று தெரியாது. அதோடு நம் ஆட்கள் மூட்டையைக் கிலோவிலும் தண்ணீரைக் குடத்திலும் கணக்கிடுவார்கள். “ஒரு பக்கெட் கல்லுக்கு அதே பக்கெட்டால் மூன்று பக்கெட் தண்ணீர்” என்று எழுதினால் கன அளவு என்ற சொல்லே வேண்டியதில்லை, அளவும் மாறாது.

முதலுதவி வரியில், கண்ணைக் குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று இருக்கிறது. ‘குறைந்தது’ என்ற சொல் விழுந்துவிட்டால் 20 என்பது உச்சமாகிவிடும். எரிச்சல் நின்றதும் ஆட்கள் கழுவுவதை நிறுத்திவிடுவார்கள், ஆனால் சுண்ணாம்பு காரம். அது திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும், இமைக்கு அடியில் ஒட்டிய துகள் தொடர்ந்து அரிக்கும். ஆகவே “எரிச்சல் நின்றாலும் நிறுத்தக் கூடாது” என்று ஒரு வரி சேர்க்க ஆலோசகரிடம் அனுமதி கேளுங்கள். அவருடைய பெயரில் போகும் தாளில் அவரைக் கேட்காமல் எதையும் சேர்க்கக் கூடாது. ‘பர்ன்’ என்பதை ‘தீக்காயம்’ என்று எழுதிவிடாதீர்கள், அங்கே தீ எதுவும் இல்லை. ‘சுண்ணாம்பு பட்டு வெந்த காயம்’ சரியாக இருக்கும்.

சம்பவ விவரத்தில் ஒரு நுணுக்கம். கல்லின்மேல் தண்ணீர் ஊற்றப்பட்டது என்று மட்டுமே அறிக்கை சொல்கிறது, யார் ஊற்றினார் என்று சொல்லவில்லை. தமிழில் ‘சித்தாள் ஊற்றினார்’ என்று எழுதினால் வாக்கியம் இயல்பாக இருக்கும். ஆனால் அறிக்கை சுமத்தாத பழியை நீங்கள் சுமத்தியதாகும். இங்கே மட்டும் ‘ஊற்றப்பட்டது’ என்ற விறைப்பான வாக்கியத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் ஆங்கிலத் தாளில் உள்ள எண்களையெல்லாம் வட்டமிட்டு, தமிழில் ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். பிறகு இந்தத் தாளை இதுவரை பார்க்காத ஒரு பெரியாளை முகப்பிலோ வளவிலோ உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். ‘புரிந்ததா’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “ட்ரம்முக்குள் முதலில் போவது எது?” “எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள்?” “கண்ணை எப்போது கழுவுவதை நிறுத்துவீர்கள்?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் ‘சுண்ணாம்பு’ என்று பதில் வந்தால், மாற்றி எழுத வேண்டியது உங்கள் வாக்கியத்தைத்தான்.