கால்சியம் நார்மல் என்றாலும் ஸ்கேன் வேண்டுமா?

"அம்மாவுக்கு 58 வயசு. பீரியட்ஸ் நின்னு எட்டு வருஷம். போன மாசம் பாத்ரூமில் வழுக்கி மணிக்கட்டு உடைஞ்சது. ரத்தத்தில் கால்சியம் 9.4, நார்மல். எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேன் வேணுமா?"

வேண்டும். 65 வயதில் ஸ்கேன் எடுத்தால் போதும் என்ற கணக்கு முறிவு எதுவும் இல்லாதவர்களுக்கு. நின்ற நிலையில் விழுந்தே எலும்பு உடைந்தவருக்கு இல்லை.

அந்த 9.4 எலும்பைப் பற்றி எதுவும் சொல்லாது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும். எலும்பு கரையும், ரிப்போர்ட் மட்டும் அழகாக இருக்கும்.

ஸ்கேனில், எலும்பு அடர்த்தியை இளம் வயதினரோடு ஒப்பிடும் டி-ஸ்கோர் −2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. முதுகுத்தண்டில் தேய்மானம் இருந்தால் அங்கே எண் பொய்யாக நன்றாக வரும். இடுப்பு எலும்பின் எண்ணையும் பாருங்கள். கூடவே வைட்டமின் டி பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

அப்புறம், −2 என்று வந்தாலும் விட்டுவிடாதீர்கள். முறிவைச் சொன்னால் டாக்டர் மருந்து தொடங்கலாம்.