‘23,000 வரை’ வேண்டாம், கைக்கு வரும் 14,440ஐப் போடுங்கள்

கேள்வி: வேலூரில் எலக்ட்ரிக்கல் சாமான் ஏஜென்சி வைத்திருக்கிறேன். ஜூனியர் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் தேவை என்று விளம்பரம் போட்டால் போன் ஓயாமல் அடிக்கிறது. இன்டர்வியூவுக்கு வருவது நாலு பேர். சேருகிறவர்களும் இரண்டு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். எப்படி எழுதினால் சரியான ஆள் கிடைப்பார்? சம்பளத்தை வெளிப்படையாகப் போட்டே ஆகவேண்டுமா?

பதில்:

போட்டே ஆகவேண்டும். அதுவும் பிடித்தமெல்லாம் போக மாதக் கடைசியில் பேங்கில் ஏறும் தொகையைப் போட வேண்டும்.

உங்கள் விளம்பரத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: “முன்னணி நிறுவனத்திற்குத் துடிப்பான இளைஞர்கள் தேவை. சம்பளம் 15,000 முதல் 23,000 வரை. பெட்ரோல், இன்சென்டிவ் உண்டு. வேலூர் மாவட்டம் முழுவதும்.” இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் பத்துக்கு எட்டு விளம்பரம் இதே அச்சில்தான் வருகிறது.

இதில் 23,000 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 12,000, வீட்டு வாடகைப்படி 4,000, ஆக 16,000 என்று வைத்துக்கொள்வோம். முதலாளி பங்கு பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440. முதலாளி பங்கு ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், அதாவது 520. இதுவரை 17,960. டார்கெட்டை முழுசாக அடித்தால் கிடைக்கும் இன்சென்டிவ் 5,000ஐயும் சேர்த்தால் 22,960. அதுதான் அந்த ‘23,000 வரை’. கணக்கில் பொய் இல்லை. ஆனால் படிக்கிற பையன் அதைச் சம்பளம் என்று நினைப்பான்.

அவன் கைக்கு வருவது வேறு. 16,000இல் அவன் பங்கு பி.எஃப். 1,440, ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதமான 120, இரண்டும் போனால் 14,440. முதல் மாதம் இது உறைக்காது. மாத நடுவில் சேர்ந்திருப்பான், அரைச் சம்பளம் வந்திருக்கும், போகட்டும் என்று இருப்பான். இரண்டாவது மாதம் முழுச் சம்பளம் ஏறும்போதுதான் 23,000 எங்கே, 14,440 எங்கே என்று தெரியும். இரண்டு மாதத்தில் நிற்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்.

பி.எஃப். 20 பேர் வேலை செய்யும் இடத்துக்கு, ஈ.எஸ்.ஐ. 10 பேர் இருக்கும் இடத்துக்கு. உங்களிடம் ஏழெட்டுப் பேர்தான் என்றால் இரண்டும் கட்டாயமில்லை. அப்போது ‘பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது, 16,000 அப்படியே கைக்கு வரும்’ என்று எழுதிவிடுங்கள். இல்லாததை ‘சலுகைகள் உண்டு’ என்று மழுப்புவதைவிட அது மேல். அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி பிடிப்பீர்கள் என்றால் அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

இன்னும் பெரிய ஓட்டை பெட்ரோல். ‘பெட்ரோல் அலவன்ஸ் உண்டு’ என்று மட்டும் போடுவது ஒன்றும் போடாததற்குச் சமம். வேலூரிலிருந்து குடியாத்தம் போய், கடை கடையாக ஏறி இறங்கித் திரும்பினால் வண்டி 70, 80 கிலோமீட்டர் ஓடியிருக்கும். சராசரி 72 என்று வையுங்கள். 25 நாளுக்கு 1,800 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டிக்கு 40 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று குறைத்துப் போட்டாலே 4,000. நீங்கள் மாதம் 2,000 என்று கட்டிவிட்டால் மீதி 2,000 அவன் கைக்காசு. 14,440 அங்கே 12,440 ஆகிறது. டயர், ஆயில், செயின் செலவு தனி.

அதனால் பெட்ரோலைக் கிலோமீட்டர் கணக்கில் போடுங்கள். எரிபொருள் மட்டுமே கிலோமீட்டருக்கு இரண்டே கால் ரூபாய் ஆகிறது. 3 ரூபாய் கொடுத்தால் வண்டித் தேய்மானத்துக்கும் கொஞ்சம் நிற்கும். 1,800 கிலோமீட்டருக்கு 5,400 ஆகிறதே என்று வயிற்றைக் கலக்கினால் தொகையைக் குறைக்காதீர்கள், சுற்றைக் குறையுங்கள். குடியாத்தம் ரூட்டுக்குக் குடியாத்தத்துப் பையனை எடுத்தால் தினமும் வேலூரிலிருந்து போய்வரும் தூரம் மிச்சம். விளம்பரத்தில் ஊர்ப் பெயர் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இந்தக் கணக்குதான்.

இரண்டாவது காரணம், ‘வேலூர் மாவட்டம்’ என்ற சொல்லுக்கே இப்போது ஆளுக்கொரு அர்த்தம். 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்குப் போயின, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. நம் வாயில் இன்னும் எல்லாமே வேலூர்தான். மாவட்டம் என்று படித்து வேலூர், காட்பாடி, அணைக்கட்டோடு முடிந்துவிடும் என்று நினைத்து வருகிறவனிடம் வாணியம்பாடி ரூட்டைக் கொடுத்தால் மூன்றாம் நாள் போனை எடுக்கமாட்டான். வட ஆற்காடு காலத்து நினைப்பில் ஆரணியையும் சேர்த்துவிடும் முதலாளிகளும் இருக்கிறார்கள், அது வேறு கதை. வாரத்தில் எந்த நாள் எந்த ஊர் என்றே எழுதிவிடுங்கள், ஒரு வரிதான் ஆகும்.

இன்சென்டிவ் விஷயத்தில் உச்சத் தொகையைப் போடாதீர்கள். இப்போது உங்களிடம் இருக்கும் சேல்ஸ் ஆட்கள் கடந்த மூன்று மாதத்தில் வாங்கியதை எடுத்துப் பாருங்கள். நாலு பேரில் ஒருவர் 5,000, இருவர் 1,500, ஒருவர் ஒன்றுமில்லை என்றால், ‘பெரும்பாலும் 1,500, டார்கெட் முழுசாக முடித்தால் 5,000’ என்பதுதான் உண்மை. 5,000ஐ மட்டும் போட்டால் அந்த ஒருவர் கதையை நாலு பேருக்கும் விற்கிறீர்கள்.  

‘15,000 முதல்’ என்று இடைவெளி விட்டு எழுதுவதையும் நிறுத்துங்கள். படிக்கிறவர் மேல் எண்ணைப் பார்ப்பார், நீங்கள் கீழ் எண்ணைப் பார்ப்பீர்கள். இரண்டு சம்பளம் இருந்தால் எதற்கு எது என்று சொல்லுங்கள்: புதியவருக்கு 16,000, கடை லைனில் ஒரு வருடம் ஆர்டர் எடுத்தவருக்கு 18,000. முதல் மூன்று மாதம் ட்ரெய்னிங் என்று குறைத்துக் கொடுப்பதாக இருந்தால் அந்தத் தொகையும் விளம்பரத்திலேயே வரவேண்டும்.

இதையெல்லாம் சேர்த்தால் இப்படி வரும்:

“எலக்ட்ரிக்கல் சுவிட்ச், ஒயர் மொத்த விற்பனை ஏஜென்சிக்கு ஜூனியர் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் ஒருவர் தேவை. வேலை: கடைகளில் ஆர்டர் எடுப்பது, பழைய பில் வசூல். ரூட்: திங்கள், செவ்வாய் குடியாத்தம், புதன் பேரணாம்பட்டு, மற்ற நாள் காட்பாடி, கே.வி.குப்பம். காலை 9.30 முதல் மாலை 6.30, மாதக் கடைசி மூன்று நாள் 8 மணி ஆகும். ஞாயிறு விடுமுறை. சம்பளம் 16,000, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. போகக் கைக்கு 14,440. பெட்ரோல் கிலோமீட்டருக்கு 3 ரூபாய், வாராவாரம். இன்சென்டிவ் பெரும்பாலும் 1,500, டார்கெட் முடித்தால் 5,000. கடைக்காரர் பணம் தராவிட்டால் உங்கள் சம்பளத்தில் பிடிக்கமாட்டோம். அசல் சான்றிதழ், டெபாசிட் கேட்கமாட்டோம். தேவை: பிளஸ் டூ, சொந்த டூ வீலர், லைசன்ஸ். தெலுங்கு தெரிந்தால் நல்லது. கடைசித் தேதி: (தேதி). உங்கள் ஊர், லைசன்ஸ் உண்டா, எந்த நாள் நேரில் வரமுடியும், மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும்.”

நீளமாக இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். பாதியில் விடுகிறவர் உங்களுக்கு வேண்டாதவர். கடைசி வரி சும்மா போட்டதல்ல, அதுதான் சல்லடை. மூன்றுக்கும் பதில் அனுப்புகிறவர் படித்திருக்கிறார். ‘சார் சாலரி எவ்ளோ’ என்று மட்டும் அனுப்புகிறவர் படிக்கவில்லை. கடைக்காரர் சொன்ன ஆர்டரையும் அவர் இப்படித்தான் கேட்பார்.

‘வராத வசூலைச் சம்பளத்தில் பிடிக்கமாட்டோம்’ என்பதை உண்மையாகவே செய்வதாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். கடைக்காரருக்குக் கடன் கொடுப்பது முதலாளி எடுக்கும் முடிவு. செக் திரும்பினால் பையன் சம்பளத்தில் கைவைக்கும் பழக்கம் இந்த லைனில் இருக்கிறது, வேலை தேடுகிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

கல்வித் தகுதியைக் கூட்டாதீர்கள். குடியாத்தத்தில் ஒயர் விற்க எம்.பி.ஏ.வும் சரளமான ஆங்கிலமும் எதற்கு? அதைப் போட்டால் நல்ல பிளஸ் டூ பையன் ஒதுங்கிவிடுவான், எம்.பி.ஏ. படித்தவர் வேறு வேலை கிடைக்கும்வரை இருப்பார். ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் தெலுங்கு உதவும், ஆம்பூர், வாணியம்பாடி ரூட்டுக்கு உருது உதவும். ஆங்கிலம் பில்லைப் படிக்கிற அளவுக்குப் போதும்.

‘ஆண்கள் மட்டும்’ என்ற வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். வேலைக்கு எடுப்பதில் ஆண், பெண் வேறுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. சட்டத்தை விடுங்கள், காட்பாடி ரூட்டில் ஸ்கூட்டியில் ஆர்டர் எடுக்க ஒரு பெண்ணால் முடியாது என்று யார் சொன்னது?

சம்பளத்தை வெளியில் போட்டால் பழைய ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், போட்டிக் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று யாராவது கீழே கமென்ட் போடுவார்கள். போட்டிக் கம்பெனிக்கு எப்போதோ தெரியும், அவர்கள் சேல்ஸ்மேனும் உங்கள் சேல்ஸ்மேனும் ஒரே டீக்கடையில்தான் நிற்கிறார்கள். பழைய ஆள் 15,000இல் இருக்கும்போது புதியவருக்கு 16,000 என்று போடுகிறீர்கள் என்றால், சண்டை நியாயமானதுதான். விளம்பரத்துக்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள்.

போட்ட பிறகு மூன்று எண்ணை மட்டும் நோட்டில் குறியுங்கள்: எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் நேரில் வந்தார்கள், சேர்ந்தவர் மூன்றாம் மாதச் சம்பளம் வாங்கினாரா. கேட்கிறவர் எண்ணிக்கை இப்போதைவிட நிச்சயம் குறையும், பயப்படாதீர்கள். கேட்டவரில் பாதிப் பேர் நேரில் வந்தால் விளம்பரம் வேலை செய்கிறது. பத்து நாளாகியும் ஐந்து பேர்கூடக் கேட்கவில்லை என்றால் எழுத்தைக் குறை சொல்லாதீர்கள், சம்பளம்தான் பற்றவில்லை. பக்கத்து ஷூ கம்பெனியில் வெயிலில் சுற்றாமல் அதே பணம் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஒரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நம் வாட்ஸ்அப் குரூப்புகளில் தேதியில்லாத வேலை விளம்பரங்கள் வருடக்கணக்காகச் சுற்றுகின்றன. ஆள் எடுத்து முடித்து ஒரு தீபாவளி போன பிறகும் அந்த நம்பருக்கு யாரோ பஸ் ஏறிக்கொண்டே கூப்பிடுகிறார்கள். ஃபார்வர்டு செய்கிறவருக்குப் புண்ணியம் செய்த திருப்தி, கூப்பிட்டவருக்குப் பஸ் காசு நஷ்டம். அதனால்தான் கடைசித் தேதியைப் போடச் சொன்னேன். நீங்கள் படமாக அனுப்பினால் தேதியைப் படத்துக்குள்ளேயே பெரிய எழுத்தில் போடுங்கள். கீழே தனியாகத் தட்டினால் அடுத்த ஃபார்வர்டிலேயே அது கழன்றுவிடும்.