சராசரி எடை "குறைஞ்சது 500 கிராம்"னு ஃபேக்டரி சொன்னா H0 எது, H1 எது?

கேள்வி: ஒரு மாவு கம்பெனி தன்னோட பாக்கெட் சராசரியா குறைஞ்சது 500 கிராம் இருக்கும்னு சொல்லுது, வாங்குறவங்க கம்மியா இருக்குன்னு சந்தேகப்படுறாங்க. கம்பெனி சொல்றத H0ல போடணுமா, H1லயா? ஒவ்வொரு தடவையும் மாத்தி எழுதி மார்க் போகுது. சில புக்ல ≥ இருக்கு, சில புக்ல வெறும் = இருக்கு, அதுவும் புரியல.

பதில்:

H0ங்கறது உண்மைன்னு எடுத்துக்கிட்டு ஆரம்பிக்கிற கூற்று, H1 அதுக்கு எதிர்ப்பக்கம், μங்கறது எல்லா பாக்கெட்டுக்கும் சேத்த உண்மையான சராசரி. உங்க கணக்குக்கு விடை இதுதான்.

H0: μ ≥ 500
H1: μ < 500

நான் ஒரு மாவு பேக்கிங் யூனிட்ல குவாலிட்டி செக்ஷன்ல ஆறு வருஷம் இருந்தேன், காலேஜ்ல படிச்சப்ப எனக்கும் இதே குழப்பம்தான். குழப்பத்துக்குக் காரணம் டியூஷன்ல சொல்லிக் குடுக்குற குறுக்கு வழி, "க்ளெய்ம் எதுவோ அத H1ல போடு"ன்னு. அது பாதி நேரம் சரியா வரும், பாதி நேரம் கவுத்துடும். க்ளெய்ம் யாரோடதுங்கறத விட்டுட்டு அந்த வாக்கியத்துல சமம் அடங்குதா இல்லையான்னு பாருங்க. "குறைஞ்சது 500"ன்னா சரியா 500 இருந்தாலும் கம்பெனி சொன்னது உண்மைதான், அப்போ ≥ வரும், சமம் உள்ள பக்கம் எப்பவும் H0. அதே கம்பெனி "சராசரியா 500க்கு மேலயே போடறோம்"னு விளம்பரம் பண்ணியிருந்தா அதுல 500 அடங்காது, வெறும் > தான், அப்போ கம்பெனி சொன்னதே H1க்குப் போயிடும், H0 வந்து μ ≤ 500 ஆயிடும்.

சமம் ஏன் H0லதான் இருக்கணும்? ஏதோ சம்பிரதாயம்னு நெனச்சு மனப்பாடம் பண்ணாதீங்க, கணக்கு போட ஒரு நம்பர் வேணும் அவ்வளவுதான். "H0 உண்மையா இருந்தா இப்படி ஒரு சாம்பிள் வர்றதுக்கு என்ன வாய்ப்பு"ன்னு கேக்கறதுதான் டெஸ்ட்டே. H0க்குள்ள 500, 501, 507ன்னு எத்தனையோ சராசரி இருக்கு, அதுல எதை வச்சு கேக்கறது? கம்பெனிக்கு ரொம்ப இக்கட்டான இடம் எதுவோ அத வச்சு, அதாவது சரியா விளிம்புல நிக்கிற 500. உண்மையான சராசரி 500ஆ இருக்கும்போது தப்பா குத்தம் சொல்ற வாய்ப்பு 5 சதவீதம்னு வச்சா, 501ஆ இருந்தா அது இன்னும் கம்மியாதான் ஆகும். அதனால 500ஐ மட்டும் பாத்தா போதும், அதுக்கு மேல உள்ள எல்லாத்துக்கும் சேத்து பாத்த மாதிரிதான். சில புக்ல H0: μ = 500ன்னு மட்டும் போடறது இதனாலதான், ≥ போட்டாலும் = போட்டாலும் கணக்கு ஒண்ணேதான் வரும், டைரக்ஷன சொல்றது H1 மட்டும்தான். உங்க சார் எதை எழுதறாரோ அதையே எழுதிட்டுப் போங்க.

இன்னொரு விஷயம், எழுதறது μ பத்தி, x̄ பத்தி இல்ல. H0: x̄ ≥ 500ன்னு எழுதினா முழு மார்க்கும் போயிடும், போகவும் வேணும், ஏன்னா சாம்பிளோட சராசரி நம்ம கையிலயே இருக்கு, அதுல சந்தேகப்பட என்ன இருக்கு?

இப்ப நம்பர் போட்டு பாப்போம். 36 பாக்கெட் எடுக்கறோம், உள்ள இருக்குற மாவ மட்டும் எடை போடறோம், சராசரி 498.6 கிராம், ஸ்டாண்டர்டு டீவியேஷன் 4.2 கிராம். 36க்கு வர்க்கமூலம் 6, 4.2ஐ 6ஆல வகுத்தா ஸ்டாண்டர்டு எரர் 0.7.

t = (498.6 − 500) / 0.7 = −2.0

டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 35. ஒரு பக்க டெஸ்ட்டுக்கு 5 சதவீத எல்லை −1.69. நம்மது −2.0, எல்லைய தாண்டி கீழ போயிடுச்சு, H0வ நிராகரிக்கலாம். உண்மையான சராசரி 500ஆ இருந்தா இவ்வளவு கீழ வர்ற வாய்ப்புதான் p-வேல்யூ, எக்ஸெல்ல இப்படி போட்டா அது சுமார் 0.027 வரும்:

```
=T.DIST(-2,35,TRUE)
```

இதே சாம்பிளுக்கு நீங்க H1: μ ≠ 500ன்னு எழுதியிருந்தா என்ன ஆகும்? எல்லை 2.03க்குப் போயிடும், p-வேல்யூ ரெட்டிப்பாகி 0.053 ஆயிடும், "நிராகரிக்க முடியாது"ன்னு வந்து நிக்கும். ஒரே 36 பாக்கெட், ஒரே தராசு, H1ல ஒரு குறி மாறினதுல முடிவே மாறிப்போச்சு. கணக்குல "கம்மியா இருக்குன்னு சந்தேகம்"னு ஒரு வார்த்தை இருக்கே, அதுக்குத்தான் இவ்வளவு வெயிட்.

அதுக்காக சாம்பிள பாத்துட்டு பக்கத்தத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முதல்ல எடை போட்டுட்டு, "ஓ, 500க்குக் கீழ வந்திருக்கு, அப்போ < போடலாம்"னு எழுதறது ஏமாத்து வேலை. மேல வந்திருந்தா > போட்டிருப்பீங்க இல்லயா, அப்போ ரெண்டு பக்கமும் 5, 5ன்னு தப்பா குத்தம் சொல்ற வாய்ப்பு உண்மையில 10 சதவீதம், பேப்பர்ல மட்டும் 5ன்னு எழுதியிருக்கும். சந்தேகம் எடை போடறதுக்கு முன்னாடியே இருந்திருக்கணும்.

சரி, அடுத்ததுதான் புக்ல ரெண்டு வரில முடிச்சுட்டுப் போற இடம், வேலைல எனக்கு அதிகம் உதவினதும் இதுதான். H0 எந்தப் பக்கம்ங்கறது, சாட்சி கொண்டு வர்ற பொறுப்பு யார் தலைலன்னு சொல்றது. H0: μ ≥ 500ன்னு வச்சா கம்பெனிய நல்லவன்னு எடுத்துக்கிட்டு ஆரம்பிக்கிறோம், குத்தம் சொல்றவங்கதான் ஆதாரம் காட்டணும். இதையே திருப்பி H0: μ ≤ 500, H1: μ > 500ன்னு வச்சா கம்பெனி தன் பக்கம் நியாயம் இருக்குன்னு தானே நிரூபிக்கணும்.

நம்ம நம்பர வச்சே பாருங்க, ஸ்டாண்டர்டு எரர் 0.7, அத 1.69ஆல பெருக்கினா சுமார் 1.2 கிராம். முதல் மாதிரி வச்சா சாம்பிள் சராசரி 498.8க்குக் கீழ போனாத்தான் கம்பெனி மாட்டும். ரெண்டாவது மாதிரி வச்சா 501.2க்கு மேல போனாத்தான் கம்பெனி பாஸ். நடுவுல 498.8லேர்ந்து 501.2 வரைக்கும் ஒரு இடம் இருக்கு பாருங்க, அங்க வந்து விழுந்தா முதல் ஆள் "குத்தம் நிரூபணம் ஆகல"ம்பாரு, ரெண்டாவது ஆள் "நல்லவன்னும் நிரூபணம் ஆகல"ம்பாரு, ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். சாம்பிள் சராசரி 499.5 வந்துச்சுன்னு வச்சுக்குங்க, "H0வ நிராகரிக்க முடியல, ஆகவே சராசரி 500க்குக் குறையாதுன்னு நிரூபணம் ஆகிவிட்டது"ன்னு எழுதிடாதீங்க. "500க்குக் குறைவு என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை"ன்னு எழுதுங்க.

அந்த "போதுமான ஆதாரம் இல்லை" எவ்வளவு லேசானதுன்னும் தெரிஞ்சு வச்சுக்குங்க. மெஷின் உண்மையிலயே சராசரியா 499 கிராம்தான் போடுதுன்னு வைங்க, பாக்கெட்டுக்கு ஒரு கிராம் கம்மி. நம்ம 36 பாக்கெட் டெஸ்ட் அத கண்டுபிடிக்கிற வாய்ப்பு சுமார் 40 சதவீதம்தான், பத்துக்கு ஆறு தடவ தப்பிச்சுப் போயிடும். அதையே 90 சதவீதம் பிடிக்கணும்னா கிட்டத்தட்ட 150 பாக்கெட் எடை போடணும். ஒரு நாளைக்கு 10,000 பாக்கெட் ஓடுற லைன்ல அந்த ஒரு கிராம்ங்கறது 10 கிலோ மாவு, சின்ன விஷயம் இல்ல.

எங்க யூனிட்ல ரெண்டு மாதிரியுமே தேவைப்பட்டுச்சு. ஓடிக்கிட்டு இருக்குற லைன ஷிஃப்ட் நடுவுல செக் பண்றப்ப H0: μ ≥ 500தான், சும்மா சும்மா மெஷின நிறுத்தினா புரொடக்ஷன் மேனேஜர் சண்டைக்கு வருவாரு, ஆதாரம் இருந்தாத்தான் நிறுத்தணும். ஃபில்லர் மெஷின்ல ஸ்க்ரூ மாத்தினாலோ வேற மாவு போட்டாலோ முதல் லாட்ட வெளிய விடறதுக்கு முன்னாடி H1: μ > 500ன்னு வச்சுப்போம், இப்ப மெஷின்தான் தன்னை நிரூபிக்கணும். அதனாலதான் எந்த ஃபேக்டரியும் செட்டிங்க சரியா 500ல வைக்காது, ஒண்ணு ரெண்டு கிராம் மேல வைக்கும், இல்லன்னா ரெண்டாவது டெஸ்ட்ல பாஸ் ஆகறது ரொம்ப கஷ்டம்.

நம்ம நாட்டு சட்டம் சராசரியோட நிக்கிறதில்லங்கறதயும் சொல்லிடறேன். 2011ஆம் வருஷத்து லீகல் மெட்ராலஜி பேக்கேஜ்டு கமாடிட்டீஸ் ரூல்ஸ்படி சராசரியும் பாப்பாங்க, தனித்தனி பாக்கெட்டும் பாப்பாங்க, 500 கிராம் பாக்கெட்டுக்கு அனுமதிச்ச குறைவு 3 சதவீதம், அதாவது 15 கிராம். சராசரி 502 இருந்து உள்ள நாலு பாக்கெட் 480ல கிடந்தாலும் பிரச்சனைதான். ஆனா அது வேற கேள்வி, μ பத்தின H0ல அத கலக்காதீங்க.

டெஸ்ட் எல்லாம் சரியா எழுதியும் நாங்க ஒரு தடவ அசிங்கப்பட்ட கதை ஒண்ணு இருக்கு. புதுசா சேந்த பையன் 36 பாக்கெட் எடை போட்டு கொண்டாந்தான், சராசரி 504.6, t 6க்கு மேல, H1: μ > 500 சூப்பரா பாஸ், லாட்ட விட்டுட்டோம். சாயங்காலம் வேற ஒருத்தர் தராசுல பாக்கெட்ட வச்சப்பதான் தெரிஞ்சுது, பையன் கவரோட சேத்து போட்டிருக்கான், காலி கவர் மட்டும் 6 கிராம். கழிச்சா 498.6, அதாவது மேல போட்ட கணக்கேதான், லாரி அதுக்குள்ள செக்போஸ்ட் தாண்டியாச்சு. திருப்பிக் கொண்டு வந்து எல்லாத்தயும் பிரிச்சு மறுபடி பேக் பண்ணோம், காலி கவர் எடைய ரெஜிஸ்டர்ல முதல் கட்டத்துல எழுதணும்னு அன்னிக்குத்தான் ரூல் வந்துச்சு.