எண்ணிக்கை இருக்கிறது, உயிர் இருக்கிறதா? – வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: ஈஸ்ட் செல்களை எண்ண ஒரு ஹீமோசைட்டோமீட்டர் தேவை. இணையத்தில் மிக மலிவான ஒன்றும், அதைப் போல ஐந்து மடங்கு விலையில் இன்னொன்றும் இருக்கின்றன. இரண்டும் கண்ணாடித் துண்டுதானே? – கல்லூரி மாணவி, சேலம்

பதில்: கண்ணாடித் துண்டுதான். ஆனால் நீங்கள் காசு கொடுப்பது அதில் கீறியிருக்கும் கோடுகளுக்கும், கோடுகளின் மேல் நிற்கும் திரவத்தின் ஆழத்துக்கும். விலை கூடிய வகையில் மெல்லிய உலோகப் பூச்சின் மேல் கோடு போட்டிருப்பார்கள். நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும். மலிவான வகையில் வெறும் கண்ணாடியில் கீறல். நான் வாங்கியது அந்த இரண்டாம் ரகம். படத்தில் பளபளத்த கோடுகளைத் தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். விற்றவரோ 'வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள்' என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை: நுண்ணோக்கியின் டயஃப்ரத்தை நன்றாக மூடினால் கோடு தெரிகிறது. தினமும் எண்ணப் போகிறவருக்கு அது தண்டனை. எப்போதோ ஒரு முறை எண்ணுவதற்குப் போதும்.

எதை வாங்கினாலும் 'இம்ப்ரூவ்டு நியூபாவர்' வகையா, அறையின் ஆழம் 0.1 மி.மீ. என்று கண்ணாடியிலேயே பொறித்திருக்கிறதா, தடித்த கவர்ஸ்லிப் கூட வருகிறதா என்று பாருங்கள். சிவப்பு மணியும் வெள்ளை மணியும் உள்ள இரண்டு பைப்பெட்டுகளைச் சேர்த்து 'முழு செட்' என்று விலை ஏற்றுவார்கள். அவை ரத்த அணுக்களை எண்ணுவதற்கானவை. ஈஸ்ட்டுக்கு வேண்டாம்.

கேள்வி: கூட வந்த கவர்ஸ்லிப் உடைந்துவிட்டது. கடையில் டப்பா டப்பாவாகக் கிடைக்கும் சாதாரண கவர்ஸ்லிப் போடலாமா? – மதுரை வாசகர்

பதில்: கூடாது. அது மெல்லியது, திரவம் இழுக்கும் இழுப்பில் வளையும், ஆழம் 0.1 மி.மீ. ஆக நிற்காது. ஆழம் தப்பினால் நீங்கள் போடும் கணக்கு முழுவதும் தப்பு. 0.4 மி.மீ. தடிமன் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் மட்டும் நடத்தும் சிறிய பேக்கரி. மூன்று மாதம் முன்பு வாங்கிய டிரை ஈஸ்ட்டில் மாவு எழும்பவே இல்லை. புகார் செய்தால், கிராமுக்கு 2,000 கோடி செல்கள் இருப்பதாக ஒரு பரிசோதனைத் தாளை அனுப்புகிறார்கள். என் மகள் மைக்ரோபயாலஜி படிக்கிறாள். அவள் ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணியபோதும் கிட்டத்தட்ட அதே கணக்குதான் வந்தது. ஆனால் அகார் தட்டில் வளர்த்துப் பார்த்தால் கால்வாசிகூட வரவில்லை. யாரை நம்புவது? அவள் எழுதிய கணக்கை இணைத்துள்ளேன். – பேக்கரிக்காரர், உடுமலை

பதில்: உங்கள் மகளை நம்புங்கள். அவர் எழுதிய இரண்டு கணக்குமே சரி. ஒன்று தலைகளை எண்ணியது, மற்றது உயிரோடு இருந்து பெருகியவற்றை எண்ணியது.

முதல் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் ஈஸ்ட்டை 100 மி.லி. ஆகக் கரைத்திருக்கிறார். அதைப் பத்து மடங்கு நீர்த்து, சம அளவு மெத்திலின் ப்ளூ சாயம் கலந்திருக்கிறார். ஆக ஒரு கிராமுக்கு மொத்த நீர்ப்பு 2,000. நியூபாவர் அறையின் நடுச் சதுரம் 1 மி.மீ.க்கு 1 மி.மீ.; ஆழம் 0.1 மி.மீ. என்பதால் அதன் மேல் நிற்கும் திரவம் ஒரு மி.லி.யில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சதுரத்துக்குள் 25 நடுத்தரக் கட்டங்கள். நான்கு மூலையும் நடுவும் என ஐந்து கட்டங்களில் எண்ணியதில் 184 செல்கள். அப்படியானால் 25 கட்டங்களில் 920. பத்தாயிரத்தால் பெருக்கினால் மி.லி.க்கு 92 லட்சம். அதை 2,000 ஆல் பெருக்கினால் கிராமுக்கு 1,840 கோடி. விற்பனையாளரின் தாளோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. 184 செல்களை எண்ணும்போது தற்செயலாகவே பதினான்கு முன்பின் ஆகலாம், அதனால் அந்தச் சிறு வித்தியாசத்தை வைத்துச் சண்டை போட முடியாது.

ஆனால் அதே தாளில் மகள் இன்னொரு வரி எழுதியிருக்கிறார், நீங்கள் அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அந்த 184ல் 115 செல்கள் நீலம். உயிருள்ள ஈஸ்ட் செல் மெத்திலின் ப்ளூவை நிறமற்றதாக மாற்றிவிடும். செத்த செல்லால் அது முடியாது, அதனால் நீலமாகவே கிடக்கும். நீலம் ஏறாதவை 69 மட்டுமே. கிராமுக்கு 690 கோடி. சாயம் போடாமல் எண்ணியிருந்தால் செத்ததும் பிழைத்ததும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும். விற்பனையாளரின் தாளில் சாயம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

அடுத்து அகார் தட்டு. முதல் கரைசலை ஐந்து முறை பத்துப் பத்து மடங்காக நீர்த்து, தட்டுக்கு 0.1 மி.லி. பரப்பி, மூன்று தட்டுகளில் 38, 42, 46 காலனிகள், அதாவது கண்ணுக்குத் தெரியும் செல் திட்டுகள். சராசரி 42. ஒவ்வொரு தட்டிலும் விழுந்தது ஒரு கிராமில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. எனவே கிராமுக்கு 420 கோடி.

690 ஏன் 420 ஆனது என்று அடுத்துக் கேட்பீர்கள். மொட்டுவிட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் தாயும் சேயும், கொத்தாகக் கிடக்கும் ஐந்தாறு செல்களும் தட்டில் ஒரே ஒரு காலனியாகத்தான் எழும். அதனால்தான் ஆய்வகத்தில் 'செல்' என்று எழுதாமல் காலனி உருவாக்கும் அலகு, சுருக்கமாக சி.எஃப்.யூ., என்று எழுதுகிறார்கள். அதோடு, சாயத்தை மாற்றும் அளவுக்கு உயிர் இருந்தும் இனிப் பிரிந்து பெருகும் தெம்பில்லாத செல்களும் உண்டு. இறப்பு அதிகமுள்ள ஈஸ்ட்டில் மெத்திலின் ப்ளூ கொஞ்சம் தாராளமாகவே உயிரோடு இருப்பதாகக் காட்டும் என்பது பீர் ஆலைக்காரர்களின் பழைய அனுபவம். எனவே தட்டு சொல்வது குறைவான பக்கம், சாயம் சொல்வது கூடுதலான பக்கம். உண்மை இடையில் எங்கோ இருக்கும். எப்படிப் பார்த்தாலும் பாதிக்கு மேல் செத்த சரக்கு.

சண்டைக்குக் கிளம்பும் முன் ஒன்று. மகள் எந்தத் தண்ணீரில் கரைத்தார்? காய்ந்த ஈஸ்ட்டைக் குளிர்ந்த நீரில் போட்டால், செல்லின் சவ்வு பழைய நிலைக்குத் திரும்புவதற்குள் உள்ளிருப்பது வெளியே கசிந்து, நல்ல செல்லும் செத்துவிடும். 38 முதல் 40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். கூடவே, வேறு இடத்தில் புதிதாக வாங்கிய பாக்கெட்டையும் அதே கையால், அதே நாளில் எண்ணட்டும். புதியதில் நீலம் சொற்பமாகவும் உங்களுடையதில் பாதிக்கு மேலும் வந்தால், பழி தண்ணீர் மேல் இல்லை. வெயிலில் நின்ற லாரியோ சூடான கிடங்கோ காரணமாக இருக்கலாம். அது உங்கள் அடுப்படியில் நடந்ததல்ல என்பதைத் திறக்காத பாக்கெட்தான் சொல்லும். அதனால் மீதியுள்ளவற்றில் ஒன்றையாவது பிரிக்காமல், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். நுகர்வோர் ஆணையம் முத்திரையிட்ட மாதிரியைத்தான் ஆய்வகத்துக்கு அனுப்பும்.

'வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை' என்று எதிர்த்தரப்பு சொல்லும். அசர வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. நீங்களும் மனைவியும் மட்டும் நடத்தும் கடை என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன் போடுங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் ஐந்து கிலோ ஈஸ்ட் வாங்கி, ஓவனுக்கு மேல் அலமாரியில் வைத்திருந்தேன். காலாவதி தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. நண்பர் நுண்ணோக்கியில் பார்த்து செல்கள் நிறைய இருக்கின்றன என்கிறார். பயன்படுத்தலாமா, அல்லது பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? – பெயர் வேண்டாம்

பதில்: செத்த செல்லும் வடிவம் மாறாமல் பல நாள் கிடக்கும். நண்பர் பார்த்தது அதை. பணம் கேட்க வேண்டுமென்றால் ஓவனுக்கு மேல் அலமாரி அடித்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: திரவ அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரம் ஒரு பாட்டில் வாங்கினேன். 'ஒரு மி.லி.யில் பல கோடி நுண்ணுயிர் செல்கள்' என்று போட்டிருக்கிறது. பயிரில் எந்த மாற்றமும் இல்லை. தெரிந்த ஆசிரியரிடம் ஹீமோசைட்டோமீட்டர் இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிடலாமா? – விவசாயி, ஒட்டன்சத்திரம்

பதில்: இந்தப் 'பல கோடி' என்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனை கோடி? உயிரோடா? எந்தத் தேதியில் எண்ணியது? நிரப்பிய அன்றா, காலாவதி நாளிலா? பாட்டிலில் செத்த பாக்டீரியா பல கோடி இருப்பதும் உண்மையாகவே இருக்கலாம், அதைச் சொல்லி விற்பவர் பொய் சொல்லவில்லை என்று தப்பித்துக்கொள்வார். வேரில் ஒட்டி வளர வேண்டியது உயிருள்ள செல். பிணத்தை நிலத்தில் ஊற்றி என்ன பயன்? மாடித் தோட்டத்துக்கு நானும் இப்படி ஒரு பாட்டில் வாங்கி, தொட்டியில் ஊற்றிய தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் காணாமல் விட்டவன்தான்.

1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை இதில் தெளிவாக இருக்கிறது. திரவ அசோஸ்பைரில்லத்தில் மி.லி.க்குக் குறைந்தது 10 கோடி, பொடியில் கிராமுக்கு 5 கோடி, இரண்டும் சி.எஃப்.யூ. கணக்கில். அதாவது தட்டில் வளர்ந்து காட்ட வேண்டும். அதோடு, வேற்றுக் கிருமி கலப்புக்கும் வரம்பு வைத்திருக்கிறது. தட்டில் எது வளர்ந்தாலும் காலனிதானே என்று யாரும் கணக்குக் காட்டக் கூடாதல்லவா?

ஆசிரியரின் கருவி இதற்கு உதவாது. ஈஸ்ட் பெரியது. பாக்டீரியாவின் பருமன் ஒரு மைக்ரோமீட்டர் அளவு. 0.1 மி.மீ. ஆழத்தில் அவை மேலும் கீழுமாக மிதக்கும், ஒரே குவியத்தில் சிக்காது. தடித்த கவர்ஸ்லிப் இருப்பதால் நூறு மடங்கு எண்ணெய் லென்ஸையும் கிட்டே கொண்டுபோக முடியாது. பாக்டீரியாவுக்கென்றே 0.02 மி.மீ. ஆழமுள்ள பெட்ராஃப்-ஹாசர் அறை உண்டு. அதில் எண்ணினாலும் செத்ததும் சேர்ந்துதான் வரும். பொடியாக வாங்கியிருந்தால், பாக்டீரியாவைச் சுமக்கக் கலந்திருக்கும் லிக்னைட் துகளையும் பாக்டீரியா என்று எண்ணிவிடுவீர்கள்.

உங்கள் பகுதி வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். உர ஆய்வாளர் கடையிலிருந்தே அதே தொகுதி எண்ணில் மாதிரி எடுப்பார். பில்லையும் காலி பாட்டிலையும் தூக்கிப் போடாதீர்கள், தொகுதி எண் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: தானாகவே எண்ணும் மின்னணு செல் கவுண்டர் வாங்கினால் இந்த உயிருள்ளது, செத்தது குழப்பம் தீருமா? – கோவை வாசகர்

பதில்: சாயம் இல்லாமல் எண்ணினால், அதே குழப்பம் வேகமாக வரும். சாயத்தோடு எண்ணும் கருவியும் சாயம் சொல்வதைத்தான் சொல்லும். தட்டில் வளர்த்துப் பார்க்கிற இரண்டு நாள் காத்திருப்பை அது மிச்சப்படுத்தாது.