படத்தில் சிவப்பு, அப்பாவுக்குக் கருப்பு

"அப்பா பக்கவாதத்தில் படுத்து இரண்டு மாதம். வால் எலும்புப் பக்கம் கருந்திட்டு, தோல் கிழியவில்லை. படுக்கைப் புண் படங்களில் முதல் நிலை சிவப்பாக இருக்கிறது. இது அதுதானா? – அயோத்தியாப்பட்டணம், சேலம்"

அந்தப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் நிறத்தில் முதல் நிலை சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்திருக்கும். விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா என்ற சோதனையும் நமக்குச் சரியாகத் தெரியாது. அதனால் தொட்டுப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து அரை மணி நேரம் கழித்துப் புறங்கையை வையுங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ, கெட்டியாகவோ சதசதவென்றோ இருந்தால் அழுத்தம் வேலையைத் தொடங்கிவிட்டது.

ஏற்காட்டில் என் மாமியாருக்கு இப்படித்தான், ரத்தம் கட்டியது போல் அடர் ஊதா. காயம்தானே என்று விட்டோம். நாலாம் நாள் கொப்புளம், அடுத்த வாரம் மஞ்சள் கொழுப்பு தெரியும் குழி. மூன்றாம் நிலை. அடியில் சதை முன்பே நைந்திருந்ததாம். உங்கள் திட்டு ஊதாவாக இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதுவரை மல்லாக்கப் படுக்க வைக்காமல், இரண்டு மணிக்கொரு முறை இடமும் வலமுமாக மாற்றுங்கள். எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம், நைந்த சதை இன்னும் நையும். தினமும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், நிறத்தை மாற்றிவிடும்.