அடுப்பு பிடிக்காத சாண எரிவாயுக் கலன்: கேள்வி பதில்

வேளாண் கழிவும் மாற்று எரிசக்தியும் படிக்கிற பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. நடுவில் இரண்டொரு விவசாயிகளும் சேர்ந்துகொண்டார்கள். பேச்சு அலைபாயாமல் இருக்க, எல்லாப் பதிலுக்கும் ஒரே கலனை எடுத்துக்கொள்கிறேன்: 2 கன மீட்டர் தீனபந்து. 1984ல் வந்த வடிவம். செங்கல்லில் கட்டிய கவிகை, முழுக்க மண்ணுக்குள் இருக்கும், இரும்புக் கொப்பரை கிடையாது.

கேள்வி: சார், 2 கன மீட்டர் கலன் என்றால் குழியின் கொள்ளளவு 2 கன மீட்டர்தானே? அதற்கு எத்தனை மாடு வேண்டும்? (பி.எஸ்சி. வேளாண்மை, இரண்டாம் ஆண்டு)

இல்லை தம்பி. அந்த 2 என்பது ஒரு நாளில் கிடைக்கும் எரிவாயு. ஒரு கிலோ பச்சைச் சாணத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர் வாயு என்று கணக்கு வைப்பார்கள். 2 கன மீட்டர் வேண்டுமானால் தினமும் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். ஆக நாளொன்றுக்கு 100 லிட்டர் கரைசல் உள்ளே போகிறது. அது 40 நாள் உள்ளே தங்க வேண்டுமென்றால் 4,000 லிட்டருக்கு இடம் வேண்டும். வாயு நிற்கும் கவிகை இதற்கு மேல். சூடு நிறைந்த பகுதிகளில் 30 நாள் போதும் என்று சிறிதாகக் கட்டுவதும் உண்டு. ஊட்டிப் பக்கம் கட்டினால் 55 நாள் வைத்தாலும் குளிர்காலத்தில் வாயு குறையும்.

மாட்டுக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு மாடு நாளைக்குப் பத்து கிலோ போடும் என்று வைத்துக்கொண்டு ஐந்து மாடு போதும் என்பார்கள். மேய்ச்சலுக்குப் போகிற மாடு பாதியைக் காட்டிலேயே போட்டுவிட்டு வரும். கொட்டகையில் காலையில் கூட்டி அள்ளுவதை ஒரு வாரம் எடை போட்டுப் பாருங்கள். அதை வைத்துத்தான் கலனின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: சாணம் வாயுவாவது நான்கு கட்டம் என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் கலனுக்குள் நான்கு அறை எதுவும் இல்லையே. எது எங்கே நடக்கிறது? (வேளாண் பொறியியல் மாணவி)

நான்கும் ஒரே குழியில், ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் நாரையும் மாவையும் உடைத்துக் கரைக்கிறது. அடுத்தது அதை அமிலங்களாக்குகிறது. மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுகிறது. கடைசியில் மீத்தேன் நுண்ணுயிர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு மீத்தேன் தருகின்றன. அசிட்டிக் அமிலத்தில் இருந்து வருவதுதான் மீத்தேனில் பெரும்பங்கு.

கட்டங்களின் பெயரைவிட வேகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அமிலம் செய்கிறவை சில மணி நேரத்திலேயே பெருகிவிடும். மீத்தேன் நுண்ணுயிர்களில் பல, இரட்டிப்பாகவே சில நாள் எடுக்கும். போதாததற்கு அமிலம் அதிகமானால் அவை சுணங்கிவிடும். பி.எச். 6.8க்கும் 7.4க்கும் நடுவில் இருந்தால்தான் அவை ஒழுங்காக வேலை செய்யும். ஹைட்ரஜனை இவை உடனுக்குடன் எடுக்காவிட்டால் மூன்றாவது கூட்டமும் நின்றுவிடும். அப்புறம் அமிலம் இன்னும் தேங்கும்.

சரி, சாணத்தில் ஏன் இந்தத் தகராறு வருவதில்லை? சுலபமாகச் செரிப்பதை எல்லாம் மாடு ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் இருப்பது நார். அது உடையவே நாளாகும். முதல் கூட்டமே மெதுவாகப் போவதால் கடைசிக் கூட்டத்துக்கு நெருக்கடி இல்லை. அதோடு மீத்தேன் நுண்ணுயிர்கள் சாணத்தோடேயே வந்துவிடுகின்றன.

கேள்வி: எங்கள் விடுதியில் 2 கன மீட்டர் கலன் இருக்கிறது. சாணத்தோடு தினமும் 20 கிலோ மிச்சச் சோறும் போட ஆரம்பித்தோம். முதல் நான்கைந்து நாள் கேஸ் அதிகமாக வந்தது. இப்போது அடுப்பே பிடிக்கவில்லை. ஆனால் அழுத்தம் இருக்கிறது. எப்படி? (எம்.டெக். மாணவர்)

வாயு வருகிறது, அதில் மீத்தேன் போதவில்லை. அதிகமாக வந்ததாக நீங்கள் நினைத்ததில் பெரும்பகுதி கரியமில வாயு. மீத்தேன் பாதிக்குக் கீழே இறங்கினால் சுடர் நிற்காது. தீக்குச்சியைக் காட்டும்போது பற்றும், எடுத்ததும் அணையும்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ சாணத்தில் திடப்பொருள் ஏறக்குறைய 10 கிலோ. அதில் 40 நாளில் வாயுவாகப் போவது இரண்டேகால் கிலோ அளவுதான். மற்றதெல்லாம் நாராகவே வெளியே வருகிறது. 20 கிலோ சோற்றில் திடப்பொருள் 6 கிலோ இருக்கும், அத்தனையும் மாவு, மிச்சமில்லாமல் செரிக்கும். அதாவது, உங்கள் கலன் ஒரு நாளில் செரிக்கிற அளவைப் போல இரண்டரை மடங்கை மேலே ஏற்றியிருக்கிறீர்கள், அதுவும் ஒரே நாளில் அமிலமாகிற சரக்கை. அந்த 6 கிலோ முழுதாகச் செரித்தால் 5 கன மீட்டர் வாயு வரவேண்டும். அதற்கேற்ற மீத்தேன் நுண்ணுயிர்ப் படை உங்கள் குழியில் இல்லை.

வெளியேற்றுத் தொட்டியில், செரித்து வெளியே வரும் கரைசலான ஸ்லரியை ஒரு குவளை அள்ளி முகர்ந்து பாருங்கள். நன்றாக ஓடுகிற கலனின் ஸ்லரியில் சாண நாற்றம்கூட அவ்வளவாக இருக்காது. உங்களுடையது புளித்த மாவு போல, கொஞ்சம் வாந்தி நெடியோடு இருக்கும். பி.எச். தாளை நனைத்தால் 6க்குப் பக்கத்தில் காட்டும் என்று நினைக்கிறேன்.

சோற்றை இன்றே நிறுத்துங்கள். சாணமும் ஒரு வாரம் வேண்டாம். வாயுவைத் தீயில்லாத திறந்தவெளியில் விட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒழுங்காக ஓடும் கலன் இருந்தால் அங்கிருந்து சில குடம் ஸ்லரி வாங்கி ஊற்றுங்கள், அது உயிருள்ள விதை. பி.எச். 6.8 தாண்டி, சுடர் நீலமாக நின்ற பிறகு சாணத்தைப் பாதி அளவில் தொடங்குங்கள். சோறு வேண்டுமானால் நாளைக்கு இரண்டு கிலோ, அரைத்துக் கரைத்து. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டலாம். ஒவ்வொரு முறையும் பி.எச். பார்த்த பிறகுதான்.

கேள்வி: எதற்கு ஒரு வாரம் பட்டினி போட வேண்டும்? சுண்ணாம்பு கரைத்து ஊற்றினால் மறுநாளே பி.எச். ஏறிவிடும். நான் செய்திருக்கிறேன். (கலன் வைத்திருப்பவர்)

ஏறும், மறுக்கவில்லை. ஆனால் சுண்ணாம்பு அமிலத்தைத் தீர்த்துவிட்டதாக நினைக்காதீர்கள். அது கரைசலில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்புக் கல்லாக அடியில் படியும். சோறு தொடர்ந்து விழுந்தால் சில நாளில் பி.எச். பழையபடி இறங்கும். மீண்டும் சுண்ணாம்பு, மீண்டும் படிவு, குழி நிறையும். அவசரத்துக்குக் கொஞ்சம் போடலாம், தீனியை நிறுத்துவதோடு சேர்த்துத்தான். சமையல் சோடா இதைவிட மென்மையாக வேலை செய்யும், விலைதான் இடிக்கும்.

கேள்வி: பிள்ளைகள் கேட்பது இருக்கட்டுங்க. என் கலனில் சாணம் மட்டும்தான் போடுகிறோம். காலையில் அடுப்பு பற்ற வைத்தால் சுடர் ஏறி இறங்கி படபடவென்று அணைகிறது. சாணம் பத்தவில்லையா? (பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி)

அண்ணா, சாணத்தைத் தொடாதீர்கள், குழாயைப் பாருங்கள். கலனில் இருந்து வரும் வாயு ஈரத்தோடுதான் வரும். இரவில் குழாய் குளிர்ந்ததும் அது தண்ணீராகிப் பள்ளத்தில் தேங்கும். வாயு அதன் வழியே முட்டி முட்டி வரும்போது சுடர் ஆடும். குழாய் கலன் பக்கமோ, தண்ணீர் வடிக்கும் குழாய்முனைப் பக்கமோ சரிந்திருக்க வேண்டும். நடுவில் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள். வடிமுனையைத் திறந்ததும் தண்ணீர் கொட்டினால் உங்கள் வியாதி அதுதான்.

ஒன்று கேட்க வேண்டும்: கொட்டகையைப் பினாயில் ஊற்றிக் கழுவிய தண்ணீர் நுழைவுத் தொட்டிக்கு வருகிறதா? வந்தால் திருப்பி விடுங்கள், அது நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணத்தையும் சில நாள் தனியே ஒதுக்குங்கள்.

கேள்வி: சாணத்தில் பாதி கேஸாகப் போய்விடுவதால் ஸ்லரி வெறும் சக்கைதானே? வயலுக்கு நேரடியாகச் சாணம் போடுவதுதானே நல்லது? (முதலாம் ஆண்டு மாணவர்)

பாதி போவதில்லை. 2 கன மீட்டர் வாயுவின் எடை இரண்டேகால் கிலோ அளவுதான் என்று மேலே பார்த்தோம். உள்ளே போனது 100 கிலோ கரைசல், வெளியே வருவது 97, 98 கிலோ. புதிதாகக் கலன் கட்டுகிறவர்கள் இதை நம்பாமல் ஸ்லரிக் குழியைச் சின்னதாக வெட்டிவிட்டு, பத்தே நாளில் வழிய விடுகிறார்கள்.

போனது கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் ஸ்லரியில்தான். தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியமாக மாறியிருப்பதால் பயிருக்குச் சீக்கிரம் கிடைக்கும். அதுவே பலவீனமும்கூட. வெயிலில் பரப்பிக் காய வைத்தால் அந்த அம்மோனியா காற்றோடு போய்விடும். மூட்டை கட்ட வசதிதான், கட்டுவது பெரும்பாலும் நார்.

ஸ்லரியைப் பாசன வாய்க்காலில் தண்ணீரோடு கலந்து விடுவது நல்ல வழி. வயல் தூரமென்றால் குழியில் காய்ந்த சருகு, கரும்புச் சோகை, தென்னை மட்டைத் தூள் என்று அடுக்கி, ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஸ்லரியை ஊற்றுங்கள். சோகை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், தழைச்சத்தையும் ஓரளவு பிடித்து வைக்கும். சொட்டுநீரில் வடிகட்டாமல் விடவே கூடாது, நார் போய் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஸ்லரி போட்டால் களையே வராது என்கிறார்கள். என் தோட்டத்தில் வருகிறதே? (இயற்கை விவசாயி)

வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 30 டிகிரிக் கரைசலில் ஒரு மாதத்துக்கு மேல் ஊறினால் பல விதைகள் முளைப்புத்திறனை இழக்கும். தோல் தடித்த விதைகள் தப்பும். இன்னொன்று, எல்லா விதையும் 40 நாளும் உள்ளே இருப்பதில்லை. கலன் நன்றாகக் கலங்காவிட்டால் ஒரு பகுதி குறுக்கு வழியில் சீக்கிரமே வெளியேறிவிடும். எவ்வளவு சாகும் என்பது களைக்குக் களை, கலனுக்குக் கலன் மாறும். ஒரே கொட்டகையின் சாணத்தையும் ஸ்லரியையும் வேகவைத்த மண் தட்டுகளில் தனித்தனியே கலந்து முளை எண்ணினால் உங்கள் கலனுக்கான விடை கிடைக்கும். மாணவர்கள் யாராவது இதைத் திட்டப்பணியாக எடுக்கலாம்.

கேள்வி: கலன் அடியில் மண் படிந்துவிட்டது. வாயுவை வெளியே விட்டுவிட்டு இறங்கி அள்ளலாமா? (விடுதிக் கலன் மாணவர்)

இறங்காதீர்கள். வாயு போனதாகத் தெரிந்தாலும் சேற்றைக் கிளறியதும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அதிகம் இருக்கும்போது மூக்கு அதை உணராது. உள்ளே காற்றும் இருக்காது. மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து போன சம்பவங்கள் உண்டு. சேற்றை மேலே இருந்து பம்பால் எடுக்கிற ஆளைக் கூப்பிடுங்கள். மண் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள்: மண் தரையில் கூட்டி அள்ளிய சாணமா? அப்படியானால் நுழைவுத் தொட்டியில் கரைத்துச் சற்று நேரம் விட்டு, மணல் அடியில் தங்கிய பிறகு கரைசலைத் திறந்துவிடுங்கள்.