கேப்போ போட்டால் கீ மாறுவது எப்படி?

"எங்கள் பேண்டின் பாட்டை ஜி-யில் எழுதினேன். பாடுகிறவருக்குத் தாழ்வாக இருக்கிறது. இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு அதே கார்டுகளை வாசித்தால் கீ மாறிவிடுகிறதே, எப்படி? ராக் பாட்டு எழுதுகிறவர்கள் இதை ஏன் இவ்வளவு பயன்படுத்துகிறார்கள்?"

கிட்டார் கம்பி கழுத்தின் முனையிலுள்ள நட்டில் தொடங்குகிறது. கம்பிகளை ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போ அந்தத் தொடக்கத்தையே நகர்த்திவிடுகிறது. ஒரு ஃப்ரெட்டுக்கு அரை ஸ்வரம் என்று ஆறு கம்பிகளும் ஒரே அளவு ஏறுவதால், அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி மாறுவதில்லை. விரல்களின் அமைப்பும் அதனால் அப்படியே பொருந்துகிறது. உங்கள் ஜி இப்போது ஏ-யாக ஒலிக்கும். நம் ஊர்க் கணக்கில் ஐந்து கட்டையிலிருந்து ஆறு கட்டை. டி, ஈ-யாகும். சி, டி-யாகும். ஈ மைனர், எஃப் ஷார்ப் மைனராகும். பேஸ் வாசிப்பவரிடம் ஒலிக்கும் கீயான 'ஏ' என்றே சொல்லுங்கள். ஒத்திகையில் குழப்பம் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

கேப்போ இல்லாமலும் ஏ-யில் வாசிக்கலாம். ஆனால் எஃப் ஷார்ப் மைனருக்குப் பொதுவாக ஒரே விரலைக் கம்பிகளின் குறுக்கே வைத்து அழுத்தும் பார் கார்டு பிடிக்க வேண்டும், திறந்த கம்பிகளின் ரீங்காரம் அங்கே போய்விடும். பாட்டு எழுதுகிறவர் காப்பாற்ற நினைப்பது அந்த ரீங்காரத்தைத்தான்.

இதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம், பீட்டில்ஸ் 1969-இல் வெளியிட்ட 'ஹியர் கம்ஸ் தி சன்'. ஜார்ஜ் ஹாரிசன் ஏழாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு டி வடிவத்தில் வாசிக்கிறார்; கேட்பது ஏ. டி வடிவத்தில் மெல்லிய கம்பியிலிருந்து நடுவிரலை எடுத்தால் ஒரு ஸ்வரம் இறங்கும், சுண்டுவிரலை அடுத்த ஃப்ரெட்டில் வைத்தால் அரை ஸ்வரம் ஏறும். கார்டைக் கலைக்காமலே அதற்குள் ஒரு மெட்டு பிறந்துவிடுகிறது. கேப்போ இல்லாத ஏ வடிவத்தில் இந்த அசைவு இரண்டாம் கம்பியில் வருவதால், கார்டின் உச்சியில் இப்படி ஒலிக்காது. கம்பி குட்டையாகிவிடுவதால் ஒலியும் மாண்டலின் போலப் பளிச்சென்று வருகிறது. ஒரே கீ, ஒரே கார்டு, ஆனாலும் வேறு நிறம். உங்கள் பேண்டில் இரண்டு கிட்டார் இருந்தால், ஒருவர் திறந்த ஏ-யும் மற்றவர் ஏழாம் ஃப்ரெட்டில் டி வடிவமும் வாசித்துப் பாருங்கள்.

கேப்போவால் கீயை ஏற்றத்தான் முடியும். பாடகருக்கு ஜி உயரமாக இருந்து ஈ வேண்டுமென்றால், வடிவத்தை டி-க்கு மாற்றி இரண்டாம் ஃப்ரெட்டில் போடுங்கள்.

போடும்போது ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். விலகியிருந்தால் கம்பி கரகரக்கும். பிடி அளவுக்கு மீறி இறுகினால் ஸ்வரம் கொஞ்சம் ஏறிவிடும். தடித்த கம்பிகளில் அது முதலில் தெரியும். ஆகவே கேப்போ போட்ட பிறகு ஒவ்வொரு கம்பியையும் ட்யூனரில் பாருங்கள், கழற்றிய பிறகும் ஒருமுறை பாருங்கள்.